மினுக்கும் விளக்கு: அறிவியல் மன்றத்துக்கு ஒரு 90 நிமிடப் பாடம்

பள்ளி அறிவியல் மன்றத்தில் ஆர்டுவினோ பலகையை முதன்முதலாக மாணவர் கையில் கொடுக்கும்போது, பாடம் பெரும்பாலும் ஒன்றேதான். ஒரு சின்ன எல்இடி விளக்கு சற்று நேரம் எரிய வேண்டும், சற்று நேரம் அணைந்திருக்க வேண்டும், பிறகு மறுபடி எரிய வேண்டும். நிரல் பத்து வரியைத் தாண்டாது. பலகை, கேபிள், ஒரு விளக்கு, ஒரு ரெசிஸ்டர், இரண்டு வயர் இருந்தால் போதும். இத்தனை எளிய பாடமும் வகுப்பில் பாதியிலேயே சிக்கிக்கொள்வதுண்டு. பத்துக் குழுக்களில் நான்கைந்து குழுவின் விளக்கு எரியாது. ஆசிரியர் மேசை மேசையாக ஓடுவார். மணி அடித்துவிடும்.

சிக்கல் பாடத்தில் இல்லை, பாடம் நடத்தும் வரிசையில் இருக்கிறது. வயர் செருகுவது, நிரல் தட்டச்சு செய்வது, அதைப் பலகைக்குள் ஏற்றுவது ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லிவிட்டு, விளக்கு எரியவில்லை என்றதும் "எங்கே தவறு?" என்று தேடினால் யாராலும் சொல்ல முடியாது. கேபிள் கெட்டிருக்கலாம், அரைப்புள்ளி விடுபட்டிருக்கலாம், விளக்கின் கால் மாறியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: இருட்டு.

அதனால் இங்கே தரும் பாடத்திட்டம் வேலையைப் பிரித்துப் போடுகிறது. முதலில் வயரே இல்லாமல் நிரலை மட்டும் சோதிக்கிறோம். அடுத்து நிரலே இல்லாமல் சுற்றை மட்டும் சோதிக்கிறோம். இரண்டும் தனித்தனியே வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே ஒன்றாகச் சேர்க்கிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 20 பேர், ஒரு பலகைக்கு இருவர், இரண்டு பாடவேளை சேர்ந்த 90 நிமிடம் என்று கணக்கு வைத்து எழுதியிருக்கிறேன்.

பலகையைப் பற்றிக் கொஞ்சம்

ஆர்டுவினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் இருந்த ஒரு வடிவமைப்புப் பள்ளியில் பிறந்தது. மாசிமோ பான்சி, டேவிட் குவார்டியெல்லெஸ் முதலியோர் உருவாக்கியது. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்கள் குறைந்த செலவில் கருவி செய்து பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்குச் சற்று முன்பு அதே பள்ளியில் படித்த கொலம்பியாக்காரர் ஹெர்னாண்டோ பர்ரகான் 'வயரிங்' என்ற பலகையையும் அதற்கான எளிய கட்டளைகளையும் உருவாக்கியிருந்தார். இன்று மாணவர்கள் தட்டச்சு செய்யும் `pinMode`, `digitalWrite` ஆகிய கட்டளைகள் அவருடைய வேலையிலிருந்து வந்தவை.

பள்ளிகளில் அதிகம் காணப்படுவது 2010-இல் வந்த ஊனோ என்ற வகை. உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் நடுவே ஒரு கருப்புச் சில்லு, ஓரத்தில் யுஎஸ்பி கேபிள் செருகும் சதுர வாய், இரு பக்கமும் வரிசையாகத் துளைகள். அந்தத் துளைகளைப் 'பின்' என்கிறோம். 0 முதல் 13 வரை எண்ணிட்ட பின்களில் ஒவ்வொன்றிலும் 5 வோல்ட் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நாம் எழுதும் நிரல் தீர்மானிக்கும். அதாவது, ஒவ்வொரு பின்னும் நாம் சொன்னபடி கேட்கும் ஒரு சுவிட்ச். முதல் நாளைக்கு மாணவருக்கு இவ்வளவு விளக்கம் போதும்.

இந்தப் பாடம் ஊனோ ஆர்3 பலகையையும், அதே வடிவமைப்பில் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகல் பலகைகளையும் மனத்தில் வைத்தது. புதிதாக வந்துள்ள ஆர்4 உங்களிடம் இருந்தால் ஒரு மாற்றம் தேவை. அதைச் சுற்று அமைக்கும் பகுதியில் சொல்கிறேன்.

முந்தின நாள் மாலை

வகுப்பு நாளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதியை முந்தின நாளே தீர்த்துவிட முடியும். முதலாவது கேபிள். சில யுஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் மட்டும் இருக்கும், தகவல் கொண்டுபோகும் கம்பிகள் இருக்காது. அப்படிப்பட்ட கேபிளைச் செருகினால் பலகையின் பச்சை விளக்கு அழகாக எரியும், ஆனால் கணினிக்குப் பலகை இருப்பதே தெரியாது. பலகை எரிகிறதே என்று நம்பி, மாணவர்கள் தவறை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு கேபிளையும் ஒவ்வொரு பலகையோடு இணைத்து, ஒரு நிரலை உண்மையிலேயே ஏற்றிப் பார்த்து, தேறியதில் ஒரு துண்டுப் பச்சை நாடா ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது மென்பொருள். ஆர்டுவினோ ஐடிஇ இலவசம். அதை எல்லாக் கணினியிலும் முன்னதாகவே நிறுவிவிடுங்கள். நகல் பலகைகளில் பல, யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 என்ற சில்லைப் பயன்படுத்துகின்றன. சில கணினிகளில் அதற்கென ஒரு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஆய்வகக் கணினியில் மென்பொருள் நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்பட்டால், அதைப் பாட வேளையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, சோதித்த பலகை ஒவ்வொன்றிலும் ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்து மினுக்கும் நிரலை ஏற்றிவையுங்கள். புதிய பலகைகள் பெரும்பாலும் அந்த நிரலோடுதான் வரும். இருந்தாலும் எல்லாப் பலகையும் ஒரே நிலையில் தொடங்குவது நல்லது. ஏன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

90 நிமிடம் எப்படிப் போகும்

- முதல் 10 நிமிடம்: பலகையைப் பார்த்தல், கணினியோடு இணைத்தல்.
- அடுத்த 25 நிமிடம்: நிரல் மட்டும். பலகையிலேயே உள்ள விளக்கை மினுக்க வைத்தல்.
- அடுத்த 20 நிமிடம்: சுற்று மட்டும். வெளி விளக்கை நிரல் இல்லாமல் எரிய வைத்தல்.
- அடுத்த 15 நிமிடம்: இரண்டையும் சேர்த்தல், தவறு கண்டுபிடித்தல்.
- கடைசி 20 நிமிடம்: மினுக்குவதை வேகப்படுத்திப் பார்த்தல், குழுக்கள் தங்கள் அளவைச் சொல்லுதல்.

இருவர் கொண்ட குழுவில் ஒருவர் கையிலேயே விசைப்பலகை தங்கிவிடும் ஆபத்து உண்டு. நிரல் பகுதியில் தட்டச்சு செய்தவர், சுற்றுப் பகுதியில் வயர் செருகக் கூடாது, பார்த்துச் சரிபார்க்க மட்டும் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வயரே இல்லாத விளக்கு

ஊனோ பலகையில் 13 என்ற எண்ணுக்கு அருகே, 'எல்' என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில், அரிசியைவிடச் சிறிய ஒரு விளக்கு பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது 13-ஆம் பின்னோடு இணைந்தது. ஆகவே முதல் நிரலுக்கு ஒரு வயர்கூடத் தேவையில்லை.

மாணவர்கள் பலகையைக் கணினியில் செருகியதும் எல் விளக்கு ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்து மினுக்கத் தொடங்கும். நாம் முந்தின நாள் ஏற்றிய நிரல் அது. மாணவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாம இன்னும் ஒண்ணுமே எழுதலையே, இது எப்படி மினுக்குது?" பலகைக்குள் யாரோ முன்பே எழுதிய நிரல் இருக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். மின்சாரத்தை எடுத்தாலும் நிரல் அழியாமல் சில்லுக்குள்ளேயே தங்கியிருக்கும் என்பது இந்தப் பாடத்தின் மையமான கருத்து. அதை விளக்கிச் சொல்லாமல் காட்டிவிட முடிகிறது.

இப்போது மென்பொருளில் `Tools` பட்டியலுக்குள் போய், `Board` என்பதில் `Arduino Uno` என்பதையும், `Port` என்பதில் பலகை இணைந்துள்ள வாயையும் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் அது `COM3` என்பதுபோல் இருக்கும். எது நம் பலகை என்று தெரியாவிட்டால், கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். காணாமல் போன பெயர்தான் நம்முடையது.

பிறகு இந்த நிரலைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். மென்பொருளோடு வரும் தயார் நிரலைத் திறக்க வேண்டாம். கையால் அடிக்கும்போதுதான் பிழை வரும், பிழை வந்தால்தான் பிழைச்செய்தியைப் படிக்கப் பழகுவார்கள்.

```
void setup() {
  pinMode(13, OUTPUT);
}

void loop() {
  digitalWrite(13, HIGH);
  delay(200);
  digitalWrite(13, LOW);
  delay(200);
}
```

இதில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. `setup` என்ற பெட்டிக்குள் உள்ளது, பலகைக்கு மின்சாரம் வந்ததும் ஒரே ஒரு முறை நடக்கும். 13-ஆம் பின் வெளியே மின்சாரம் தரும் பின் என்று அங்கே அறிவிக்கிறோம். `loop` என்ற பெட்டிக்குள் உள்ளது மேலிருந்து கீழாக நடந்து, கடைசி வரி முடிந்ததும் மறுபடி முதல் வரிக்குத் திரும்பும். மின்சாரம் இருக்கும்வரை இது ஓயாது. `HIGH` என்றால் பின்னில் 5 வோல்ட், `LOW` என்றால் பூஜ்ஜியம். `delay` என்பதன் அடைப்புக்குள் உள்ள எண் மில்லி வினாடி. 1000 என்றால் ஒரு வினாடி, 200 என்றால் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

1000-க்குப் பதிலாக 200 போட்டதற்குக் காரணம் உண்டு. பலகையில் ஏற்கெனவே ஒரு வினாடி மினுக்கும் நிரல் இருக்கிறது. மாணவரும் 1000 என்றே எழுதினால், அவருடைய நிரல் பலகைக்குள் போனதா, பழையதே ஓடுகிறதா என்று அறிய வழியே இல்லை. 200 என்று எழுதியவரின் விளக்கு படபடவென்று மினுக்கினால், அது ஐயத்துக்கு இடமின்றி அவருடைய நிரல்தான்.

அம்புக்குறிப் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் நிரலைச் சரிபார்த்து, சில்லுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி, கேபிள் வழியே அனுப்பும். அப்போது பலகையில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று குறித்த இரண்டு விளக்குகளும் துடிக்கும். `Done uploading` என்று திரையில் வந்தால் வேலை முடிந்தது.

வராதபோது, பிழைச்செய்தியை அழிக்காமல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதல் நாளில் பெரும்பாலும் மூன்று வகைச் செய்திதான் வரும். `expected ';' before` என்று தொடங்கினால் ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. மென்பொருள் பெரும்பாலும் அடுத்த வரியைச் சுட்டிக்காட்டும், ஆகவே ஒரு வரி மேலே பார்க்க வேண்டும். `'pinmode' was not declared in this scope` என்று வந்தால் எழுத்து தவறு. `pinMode` என்பதில் எம் பெரிய எழுத்தாக இருந்தே ஆக வேண்டும். `not in sync` என்ற சொற்கள் வந்தால் நிரலில் தவறில்லை, கணினிக்கும் பலகைக்கும் பேச்சு நடக்கவில்லை. வாயோ பலகை வகையோ தவறாகத் தேர்வாகியிருக்கும்.

நிரலே இல்லாத விளக்கு

இப்போது கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். வயரைத் தொடும்போதெல்லாம் கேபிள் வெளியே இருக்க வேண்டும் என்பது இந்த வகுப்பின் ஒரே கண்டிப்பான விதி. 5 வோல்ட் கையைத் தாக்காது. ஆனால் 5 வோல்ட் பின்னையும் தரைப் பின்னையும் வயர் நேராகத் தொட்டுவிட்டால் கணினி அந்த யுஎஸ்பி வாயையே நிறுத்திவிடலாம், வயரும் சூடாகும்.

பிரெட்போர்டில் முதலில் விளங்க வேண்டியது எந்தத் துளை எந்தத் துளையோடு சேர்ந்தது என்பது. நடுப்பள்ளத்தின் ஒரு பக்கத்தில் குறுக்கே உள்ள ஐந்து துளைகளும் உள்ளே ஒரே உலோகப் பட்டையில் சேர்ந்திருக்கும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஐந்தும் தனிச் சேர்க்கை. பழைய பிரெட்போர்டு ஒன்றின் அடியில் உள்ள தாளை உரித்து, பட்டைகளை நேரில் காட்டினால் இதை விளக்க வேறு சொல் வேண்டாம்.

எல்இடியில் இரண்டு கால்கள். நீளமானது நேர்மின் பக்கம், குட்டையானது எதிர்மின் பக்கம். கால் வெட்டப்பட்டிருந்தால் விளக்கின் விளிம்பைத் தடவிப் பார்க்கலாம், தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்மின். எல்இடி ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். திருப்பிச் செருகினால் எரியாது, இந்த 5 வோல்ட்டில் கெட்டுப்போகவும் செய்யாது. ஆகவே எரியாத விளக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க மாணவர் அஞ்சத் தேவையில்லை.

சுற்று இதுதான்: பலகையின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஒரு வயர் பிரெட்போர்டுக்கு. அதே வரிசையில் 220 ஓம் ரெசிஸ்டரின் ஒரு கால். ரெசிஸ்டரின் மறு கால் வேறொரு வரிசையில், அங்கே எல்இடியின் நீளக் கால். எல்இடியின் குட்டைக் கால் இன்னொரு வரிசையில், அங்கிருந்து ஒரு வயர் பலகையில் ஜிஎன்டி என்று அச்சிட்ட தரைப் பின்னுக்கு. நான்கு வண்ணப் பட்டை கொண்ட 220 ஓம் ரெசிஸ்டரில் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று முதல் மூன்று பட்டைகள் இருக்கும்.

ஏன் இந்த ரெசிஸ்டர் என்ற கேள்விக்கு ஓம் விதியே பதில். சிவப்பு எல்இடி எரியும்போது அதன் குறுக்கே ஏறக்குறைய 2 வோல்ட் நிற்கும். பலகை தருவது 5 வோல்ட். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரின் குறுக்கே விழ வேண்டும். 3-ஐ 220-ஆல் வகுத்தால் 0.0136 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் வரை பாதுகாப்பு. ஊனோ ஆர்3-இன் ஒரு பின்னிலிருந்தும் 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பதே நல்லது, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. ஆக 14 என்பது இருவருக்கும் பொருந்துகிறது. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அந்த 3 வோல்ட்டைத் தாங்க யாரும் இல்லை. மின்னோட்டம் எகிறும், 5 வோல்ட் பின்னில் நேராகச் செருகிய எல்இடி ஒரு கணம் பளிச்சென்று எரிந்து கெட்டுவிடும்.

ஆர்4 பலகையில்தான் மாற்றம். அதன் ஒரு பின் 8 மில்லி ஆம்பியருக்கு மேல் தரக் கூடாது. அங்கே 220-க்குப் பதில் 470 ஓம் போட்டால் 3-ஐ 470-ஆல் வகுக்க 6.4 மில்லி ஆம்பியர் வரும். விளக்கு கொஞ்சம் மங்கும், பலகை பிழைக்கும்.

சுற்றைச் சக மாணவர் சரிபார்த்த பிறகு கேபிளைச் செருகினால் வெளி விளக்கு நிலையாக எரிய வேண்டும். நிரல் என்னவாக இருந்தாலும் எரியும், ஏனென்றால் 5 வோல்ட் பின்னுக்கு நிரலோடு தொடர்பில்லை. பலகையில் எல் விளக்கு தன்பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருக்க, வெளி விளக்கு அசையாமல் எரிவதை மாணவர்கள் பார்க்கட்டும். எரியாவிட்டால் தேட வேண்டிய இடம் பிரெட்போர்டு மட்டும்தான். அடிக்கடி நேர்வது இரண்டு: எல்இடி திரும்பியிருக்கும், அல்லது அதன் இரண்டு கால்களும் ஒரே ஐந்து துளை வரிசையில் செருகப்பட்டிருக்கும். ஒரே வரிசையில் இருந்தால் மின்சாரம் விளக்கின் வழியே போகாமல் பட்டையின் வழியே போய்விடும்.

இரண்டும் சேரும் இடம்

மூன்றாம் கட்டத்தில் மாறுவது ஒரே ஒரு வயர். கேபிளைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட் பின்னில் இருக்கும் வயரின் முனையை எடுத்து 13-ஆம் பின்னில் செருக வேண்டும். மீண்டும் கேபிளைச் செருகினால் வெளி விளக்கும் எல் விளக்கும் ஒன்றாக மினுக்கும். நிரலைத் தொடவே இல்லை.

இந்தக் கட்டத்துக்கு 8, 9 என்று வேறு பின்னையும் எடுத்திருக்கலாம். 13-ஐ எடுத்தது தவறு கண்டுபிடிப்பதற்காக. இரண்டு விளக்குகளும் ஒரே ஆணையைக் கேட்கின்றன. எல் விளக்கு மினுக்கி, வெளி விளக்கு மினுக்காவிட்டால் நிரல் சரி, வயரில் தவறு. இரண்டுமே மினுக்காவிட்டால் முதலில் நிரலைப் பார்க்க வேண்டும். மாணவர் உதவிக்குக் கை தூக்கும்போது ஆசிரியர் பலகையைத் தொடாமல் "எல் விளக்கு என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டால், பாதித் தவறுகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னோர் அடையாளமும் உண்டு. வெளி விளக்கு மினுக்குகிறது, ஆனால் இருட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவு மங்கலாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் `pinMode` வரி விடுபட்டிருக்கும். அந்த வரி இல்லாதபோது பின் வெளியே மின்சாரம் தரும் நிலைக்கு வருவதில்லை. சில்லுக்குள் உள்ள பல்லாயிரம் ஓம் தடை ஒன்றின் வழியே சொட்டாக வரும் மின்சாரம்தான் விளக்கை அடையும்.

அணையவே அணையாத விளக்கு

வகுப்பில் பெரும்பாலும் வந்தே தீரும் ஒரு தவறை முழுதாகப் பார்ப்போம். ஒரு குழுவின் நிரல் பிழைச்செய்தி இல்லாமல் ஏறிவிட்டது. ஆனால் விளக்கு மினுக்காமல் நிலையாக எரிகிறது. அவர்களுடைய `loop` இப்படி இருக்கிறது:

```
void loop() {
  digitalWrite(13, HIGH);
  delay(200);
  digitalWrite(13, LOW);
}
```

"மிஸ், அணைக்கச் சொல்லி எழுதியிருக்கோம், ஆனா அணையவே மாட்டேங்குது" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை, அணைக்கும் வரி இருக்கிறது. விடையைச் சொல்லிவிடாமல், பேனா முனையை முதல் வரியில் வைத்து, சில்லு செய்வதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

"எரிய வை. 200 மில்லி வினாடி காத்திரு. அணை." அதோடு பெட்டி முடிந்தது.

"அடுத்து என்ன?"

"மேல போகணும், மிஸ். எரிய வை."

"அணைச்ச பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்துச்சு?"

இந்தக் கேள்வியில் அவர்களுக்கு விளங்கிவிடும். விளக்கு அணையத்தான் செய்கிறது. ஆனால் ஊனோவின் சில்லு வினாடிக்கு 1.6 கோடி துடிப்பில் ஓடுவது. அணைத்த பிறகு மேலே போய் மறுபடி எரிய வைக்க அதற்குச் சில மைக்ரோ வினாடிதான் ஆகும். 200 மில்லி வினாடி எரிந்து, அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே அணைந்திருந்தால் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. `delay` என்பது விளக்குக்கான கட்டளை இல்லை, சில்லுக்கான கட்டளை. சில்லு காத்திருக்கும் நேரம் முழுதும் விளக்கு கடைசியாகச் சொன்ன நிலையிலேயே நிற்கும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட குழுவிடம், முதல் `delay` விடுபட்டு இரண்டாவது மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நிரலை ஏற்றும் முன் விடையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். விளக்கு எப்போதும் அணைந்தே தெரியும் என்று எழுதியவர்கள் பாடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

கடைசி 20 நிமிடம்: எப்போது மினுக்கல் மறைகிறது?

மேலே சொன்ன தவறே ஒரு சோதனைக்கு வழி காட்டுகிறது. விளக்கு எவ்வளவு வேகமாக மினுக்கினால் கண்ணுக்கு மினுக்கல் தெரியாமல் போகும்? ஒவ்வொரு குழுவும் இரண்டு `delay` எண்களையும் 200, 100, 50, 30, 20, 15, 10, 8 என்று படிப்படியாகக் குறைத்து ஏற்றிப் பார்த்து, எந்த எண்ணில் ஒளி நிலையானதாகத் தோன்றியது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒரு மினுக்கலுக்கான நேரம். 50-உம் 50-உம் சேர்ந்தால் 100 மில்லி வினாடி, ஆகவே வினாடிக்கு 10 மினுக்கல். 10-உம் 10-உம் என்றால் 20 மில்லி வினாடி, வினாடிக்கு 50. பெரும்பாலானோருக்கு வினாடிக்கு 50, 60 என்ற அளவில் மினுக்கல் மறையும். எல்லோருக்கும் ஒரே எண் வராது. ஒளியின் அளவு, நேராகப் பார்க்கிறோமா ஓரக் கண்ணால் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்தும் மாறும். குழுக்களின் எண்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, வேறுபாட்டைப் பேசவிடுங்கள். வலிப்பு நோய் உள்ள மாணவர் யாரேனும் இருக்கிறார்களா என்பதை மட்டும் முன்னதாகவே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வேகமான மினுக்கல் அவர்களுக்கு ஆகாது, எண்களைக் குறித்துக் கணக்கிடும் வேலையை அவர்களிடம் மினுக்கலுக்கு விலகிய இடத்தில் தரலாம்.

நிலையாகத் தோன்றும் விளக்கு உண்மையில் மினுக்குகிறது என்று எப்படி நிறுவுவது? பலகையைக் கையில் எடுத்து, கேபிள் விடும் அளவுக்கு இடமும் வலமுமாக வேகமாக அசைத்தால், ஒளிக்கோடு துண்டு துண்டாகத் தெரியும். கோட்டின் இடைவெளிகள் விளக்கு அணைந்திருந்த நேரங்கள்.

நேரம் மிஞ்சினால் ஒரு படி மேலே போகலாம். முதல் `delay`-இல் 2, இரண்டாவதில் 18 என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தம் அதே 20 மில்லி வினாடிதான், ஆனால் பத்தில் ஒரு பங்கு நேரமே விளக்கு எரிகிறது. ஒளி நன்றாக மங்கிவிடும். ரெசிஸ்டரை மாற்றவில்லை, வோல்ட்டை மாற்றவில்லை, நேரத்தைப் பங்கிட்டதிலேயே வெளிச்சம் குறைந்தது. எல்இடியின் ஒளியைக் குறைக்கவும் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கவும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடுத்த வார வகுப்பை இங்கிருந்தே தொடங்கலாம்.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படி அறிவது?

விளக்கு மினுக்குவதால் மட்டும் பாடம் போய்ச் சேர்ந்தது என்று கொள்ள முடியாது. பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதினாலும் மினுக்கும். எனவே, பலகைகளைத் திரும்ப வாங்கும் முன் இரண்டு சோதனைகள் வையுங்கள்.

ஒன்று, கேபிளைக் கணினியிலிருந்து கழற்றி ஒரு கைப்பேசி சார்ஜரில் செருகச் சொல்லுங்கள். செருகும் முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பழைய மினுக்கலே தொடரும், நிரல் கணினியில் இல்லை, சில்லில் இருக்கிறது என்பவருக்கு மையக் கருத்து விளங்கிவிட்டது. பவர் பேங்கில் செருகினால் சில நேரம் சற்று நேரத்தில் நின்றுவிடலாம். பலகை எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பவர் பேங்க் தானே அணைந்துவிடும். அது பலகையின் குற்றமில்லை.

இரண்டு, ஒரு குழு எழுந்து நிற்க, பக்கத்துக் குழு அவர்களுடைய அமைப்பில் ஒரே ஒரு தவறைப் புகுத்தட்டும். எல்இடியைத் திருப்பலாம், ஒரு வயரைப் பக்கத்து வரிசைக்கு மாற்றலாம், அல்லது ஒரு `delay` வரியை அழித்து நிரலை ஏற்றலாம். 5 வோல்ட் பின்னைத் தொடுவதும் ரெசிஸ்டரை எடுப்பதும் மட்டும் கூடாது. திரும்பி வந்த குழு எதையும் தொடுவதற்கு முன், எல் விளக்கையும் வெளி விளக்கையும் பார்த்துத் தவறு நிரலிலா வயரிலா என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால், அந்த மாணவர்களிடம் அடுத்த முறை சென்சாரையோ மோட்டாரையோ தாராளமாகக் கொடுக்கலாம். அதில் வேலை நடக்காதபோதும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.